மூத்த குடிமக்கள் அட்டை: சான்றுகளில் பிறந்த தேதி முரண்படும்போது எங்கே விண்ணப்பிப்பது, எந்தச் சலுகை உண்மையில் கிடைக்கும்?

கீழ்ப்பாக்கம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்காக இந்தக் கேள்வியை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின்படி அவர் பிறந்த தேதி 12-6-1964. ஆகவே அவருக்கு 61 வயது நிறைந்துவிட்டது. ஆனால் ஆதாரில் 1-1-1967 என்று பதிவாகியிருக்கிறது. ஆதாரை வைத்தே பான் அட்டை வாங்கியதால் அதிலும் அதே தேதிதான் இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் மட்டும், அன்று சான்றிதழைக் காட்டி எடுத்ததால், 1964 என்று சரியாக உள்ளது.

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பில் முகாம் போட்ட ஒருவர், 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, அப்பாவின் புகைப்படத்துடன் "மூத்த குடிமக்கள் அடையாள அட்டை" ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் காட்டினால் ரயிலில் 40 சதவீதம், பேருந்தில் இலவசம், வங்கியில் கூடுதல் வட்டி எல்லாம் கிடைக்கும் என்று சொன்னாராம். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. உண்மையான அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்த வயதுச் சான்றை வைப்பது, அதனால் எவையெல்லாம் கிடைக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தண்டவாளம்

அம்மா, ரயிலைப் பொறுத்தவரை அந்த முகாம்காரர் சொன்னது சரிதான். ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதமும், பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதமும் கட்டணக் குறைப்பு உண்டு. என் மாமனார் பல ஆண்டுகள் அப்படித்தான் பயணம் செய்தார். பயணச்சீட்டுப் பரிசோதகர் கேட்டால் வயதைக் காட்ட ஏதாவது ஓர் அட்டை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்னாள் துணை வட்டாட்சியர்

தண்டவாளம் ஐயா குறிப்பிட்ட சதவீதங்களும் வயதுகளும் சரியானவை. ஆனால் அவை 2020 மார்ச் 20-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டவை. கொரோனாக் காலத்தில் நிறுத்தப்பட்ட அந்தக் கட்டணக் குறைப்பு மீண்டும் கொண்டுவரப்படவில்லை. குறைந்தபட்சம் படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றாம் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியிலுமாவது அதை மீண்டும் தரலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் நிலைமை மாறவில்லை. எனவே இன்று எந்த அட்டையைக் காட்டினாலும் பயணச்சீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இப்போது மையக் கேள்விக்கு வருகிறேன். வருவாய்த் துறையில் இருந்தபோது என் மேசைக்கு இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுவான எண்ணம் இருந்தது. குடும்ப அட்டையைப் போல மூத்த குடிமக்கள் அட்டை என்று ஒன்று இருக்கிறது, அதை வாங்கிவிட்டால் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும் என்று நினைத்தார்கள். இந்தியா முழுவதும் செல்லக்கூடிய அப்படி ஓர் அட்டை கிடையாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 60 வயது நிறைந்த இந்தியக் குடிமகனை மூத்த குடிமகன் என்று வரையறுக்கிறது. ஆனால் சலுகை தரும் ஒவ்வோர் அமைப்பும் தனக்கென ஒரு வயதையும் தனக்கென ஒரு சான்றையும் வைத்திருக்கிறது. வங்கி தன் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியைப் பார்க்கிறது, வருமான வரித் துறை பானில் உள்ள தேதியைப் பார்க்கிறது, போக்குவரத்துக் கழகம் தானே கொடுத்த அட்டையைப் பார்க்கிறது. சலுகையைத் தருபவரே அட்டையையும் தந்திருந்தால்தான் அந்த அட்டைக்கு மதிப்பு. முகாமில் வாங்கிய அட்டை இந்த எதிலும் சேராது.

எனவே தங்கள் தந்தையாருக்கு முதலில் தேவைப்படுவது அட்டை அன்று. எல்லாப் பதிவுகளிலும் ஒரே பிறந்த தேதி இருப்பதுதான் முதல் தேவை. அதைச் சரிசெய்யும் வழியை அடுத்த பதிவில் விரிவாக எழுதுகிறேன்.

தண்டவாளம்

திருத்தியதற்கு நன்றி ஐயா. மாமனார் 2019-க்குப் பிறகு தொலைதூரப் பயணம் செய்யவில்லை என்பதால் எனக்குத் தெரியாமல் போயிற்று. அப்படியானால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடும் போய்விட்டதா?

முன்னாள் துணை வட்டாட்சியர்

இல்லை, அது இருக்கிறது. அதற்கும் தனி அட்டை வேண்டியதில்லை. முன்பதிவுப் பக்கத்தில் LOWER BERTH/SR.CITIZEN என்ற ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்களுக்கு 60 வயதும் பெண்களுக்கு 45 வயதும் போதும். பலர் தவறுவது வேறோர் இடத்தில். தகுதி உள்ளவர் தனியாகவோ, தகுதி உள்ள இருவராகவோ ஒரே சீட்டில் பயணம் செய்தால்தான் இந்த ஒதுக்கீடு பொருந்தும். அப்பா, அம்மா, அவர்களோடு துணைக்குச் செல்லும் மகன் என்று மூவரையும் ஒரே சீட்டில் பதிவு செய்தால் அது கைவிட்டுப் போகும். துணைக்குச் செல்பவருக்குத் தனிச்சீட்டு எடுப்பது நல்லது. பயணத்தின்போது வயதைக் காட்டப் புகைப்படத்துடன் கூடிய மூல அடையாள ஆவணம் ஒன்று போதும். தங்கள் தந்தையார் ஓட்டுநர் உரிமத்தையே எடுத்துச் செல்லலாம்.

நெசவாளர் மகன்

எங்கள் ஊரில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வருகிறது. அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் போதும், வேறு அட்டை எதுவும் வேண்டியதில்லை. என் தாயாருக்கு அப்படித்தான் கிடைத்தது. நீங்களும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் போய்ப் பாருங்கள்.

கீழ்ப்பாக்கம் வாசகி

நன்றி அண்ணா. ஆனால் நான் உதவித்தொகையைப் பற்றிக் கேட்கவில்லை. அது ஆதரவற்ற ஏழை முதியோருக்கானது. அப்பாவுக்குச் சிறிய சேமிப்பும் சொந்த வீடும் இருப்பதால் அவர் அதற்குத் தகுதி பெற மாட்டார், கேட்கவும் விரும்ப மாட்டார். சலுகைகளைப் பற்றித்தான் கேட்டேன்.

வைப்புக் கணக்குப் பிரிவு

நான் ஒரு வங்கியில் வைப்புக் கணக்குகளைக் கவனிக்கும் ஊழியர். முன்னாள் துணை வட்டாட்சியர் ஐயா சொன்னதை எங்கள் பக்கத்திலிருந்து உறுதி செய்கிறேன். மூத்த குடிமக்கள் அட்டையை யாராவது நீட்டினால் நாங்கள் அதை வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை. வாடிக்கையாளரின் பிறந்த தேதி கணினியில் இருக்கிறது, 60 நிறைந்தால் புதிதாகப் போடும் வைப்புக்கு மூத்த குடிமக்கள் வட்டி விகிதம் வந்துவிடும். பெரும்பாலான வங்கிகளில் அது பொது விகிதத்தைவிட அரை சதவீதம் அதிகம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 60 நிறைவதற்கு முன்பே போட்ட வைப்புக்குப் பழைய விகிதம்தான் தொடரும். பிறந்தநாள் வந்துவிட்டது என்பதற்காக அது நடுவில் உயராது.

உங்கள் தந்தையாரின் நிலையில் உண்மையான இழப்பு எங்கே என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். அவருக்கு எங்கள் வங்கியில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல், மூத்த குடிமகனின் வட்டி ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி வரிப் பிடித்தம் செய்யும். மற்றவர்களுக்கு அந்த வரம்பு 50,000. எங்கள் கணினி அவரை 1967-இல் பிறந்தவராகப் பார்ப்பதால் 10 சதவீதம், அதாவது 8,000 ரூபாயைப் பிடித்துவிடும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், பிடித்தம் செய்யவே தேவையில்லாத பணம் அது.

இதைவிடப் பெரியது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் ஆண்டுக்கு 8.2 சதவீதம், 5 ஆண்டுகளுக்கு, அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் வரை. 15 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 30,750 ரூபாய் கைக்கு வரும். பொதுவான நுழைவு வயது 60. கணக்குத் தொடங்க ஆதாரும் பானும் கட்டாயம். இரண்டிலும் 1967 என்று இருந்தால், 2027 ஜனவரி வரை உங்கள் தந்தையார் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கீழ்ப்பாக்கம் வாசகி

அப்பா தம் பணி ஓய்வுப் பணத்தை இந்தத் திட்டத்தில் போடத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழின் மூலப்பிரதி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அதை நேரடியாக வங்கியில் காட்டினால் ஏற்றுக்கொள்வார்களா?

வைப்புக் கணக்குப் பிரிவு

சான்றிதழ் சரியாக இருந்தாலும், பானுடன் பொருந்தாத தேதியை நாங்கள் பதிவேட்டில் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் பின்னர் வரித் துறைக்கு அனுப்பும் அறிக்கையில் முரண்பாடு வரும்.

முன்னாள் துணை வட்டாட்சியர்

வரிசை முக்கியம் என்பதால்தான் விரிவாக எழுத நேரம் எடுத்துக்கொண்டேன். முதலில் ஆதார், அடுத்து பான், அதன் பிறகு வங்கி. இந்த வரிசை மாறினால் ஒவ்வோர் இடத்திலும் மற்றதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். பானையும் ஆதாரையும் இணைக்க வேண்டியிருப்பதால், பானை மட்டும் முன்கூட்டி மாற்றினால் அங்கே புதிய முரண்பாடு ஒன்று பிறக்கும்.

ஆதார் பிறந்த தேதிக்கான சான்றன்று என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி அமைப்பு, பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், இறந்தவரின் வயதை ஆதாரை வைத்துக் கணக்கிடாமல் பள்ளி மாற்றுச் சான்றிதழை வைத்தே கணக்கிட வேண்டும் என்றது. எனவே சட்டத்தின் பார்வையில் தங்கள் தந்தையாரின் பக்கமே வலுவானது. ஆனாலும் நடைமுறையில் அலுவலகக் கணினிகள் ஆதாரில் உள்ள தேதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன என்பதால், சட்டத்தைச் சொல்லி வாதிடுவதைவிட அந்தத் தேதியைத் திருத்திவிடுவது விரைவில் முடியும் வேலை.

அரசு தேர்வுத் துறை வழங்கிய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட கல்வி வாரியத்தின் சான்றிதழ் என்ற வகையில், ஆதார் பதிவு மையத்தில் ஏற்கப்படும். மூலப்பிரதியோடு நேரில் செல்ல வேண்டும். புறப்படும் முன் சான்றிதழில் உள்ள பெயரையும் ஆதாரில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அக்காலச் சான்றிதழ்களில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் அதுவே தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். நான் பார்த்த நிராகரிப்புகளில் பல, பிறந்த தேதியால் வந்தவை அல்ல, இந்தப் பெயர் வேறுபாட்டால் வந்தவை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற அனுமதிப்பார்கள். ஏற்கெனவே எப்போதாவது மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை ஆதார் இணையதளத்தில் Aadhaar Update History என்ற பகுதியில் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

புணே பாட்டி

நான் 72 வயதானவள், மகனோடு புணேயில் இருக்கிறேன். இங்கே மாநில அரசுப் பேருந்தில் 65 வயது முதல் 75 வரை பாதிக் கட்டணம், 75 நிறைந்தால் கட்டணமே இல்லை. 60 வயதில் இங்கே வந்த என் தங்கை, தனக்கும் உண்டு என்று நினைத்து ஏறி முழுக் கட்டணம் கொடுத்தாள். மூத்த குடிமகன் என்ற சொல் ஒன்றுதான், வயது ஊருக்கு ஊர் வேறு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

எனக்கு உண்மையில் பயன்பட்ட அட்டை ஒன்று உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். எங்களிடம் கார் இருக்கிறது, மகன் வரி கட்டுகிறான், அதனால் கிடைக்காது என்று இரண்டு மாதம் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டேன். அது தவறு. வயதுக்கு ஆதார் மட்டும்தான் கேட்டார்கள்.

ஆனால் முதன்முறையாகக் கண் அறுவைக்குப் போனபோது அட்டை அங்கே செல்லாது என்றார்கள். அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இல்லை. வலியோடு போய்க் கேட்பதற்கு முன், அட்டை கிடைத்த அன்றே பட்டியலைப் பார்த்துப் பக்கத்தில் உள்ள இரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்க வேண்டும். என் நாத்தனாரின் கணவர் மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர், அவருக்கு அரசின் வேறு மருத்துவத் திட்டம் இருக்கிறது. அவரும் இதை வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் துணை வட்டாட்சியர்

அம்மா, மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம், முன்னாள் படைவீரர் சுகாதாரத் திட்டம் போன்றவற்றில் உள்ளவர்கள், அதிலேயே தொடர்வதா இதற்கு மாறுவதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்தப் பணத்தில் தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர் அவசரப்பட்டு மாற வேண்டாம். வெளிநோயாளிச் சிகிச்சையும் மாத்திரைகளும் இப்போது எதிலிருந்து கிடைக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பெங்களூரு தமிழன்

கர்நாடகத்தில் மாற்றுத்திறனாளிகள் மற்றும் மூத்த குடிமக்கள் துறை 60 வயது நிறைந்தவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கிறது, அரசின் சேவா சிந்து தளத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுப் பேருந்தில் 25 சதவீதக் கட்டணக் குறைப்பு உண்டு. எனவே அப்படி ஓர் அட்டையே இல்லை என்பது எல்லா மாநிலத்துக்கும் பொருந்தாது.

முன்னாள் துணை வட்டாட்சியர்

ஏற்றுக்கொள்கிறேன். நாடு முழுவதும் செல்லும் அட்டை இல்லை என்றுதான் நான் எழுதியிருந்தேன். தாங்கள் சொல்லும் அட்டையை வழங்குவதும், அங்கே அந்தச் சலுகையை அறிவித்ததும் அந்த மாநில அரசே என்பதால்தான் அது அங்கே செல்கிறது.

சென்னையில் அதற்கு இணையாக இருப்பது மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் திட்டம். 2016 முதல், சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு அடையாள அட்டையும், மாதத்துக்கு 10 டோக்கன்களும் தருகிறார்கள். ஒரு தடவையில் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். குளிர்சாதனப் பேருந்தில் அது செல்லாது. வசிப்பிடத்துக்குக் குடும்ப அட்டை, வயதுக்கு ஒரு சான்று, இரண்டு வண்ணப் புகைப்படங்கள் தேவை. வயதுக்கு ஆதார்தான் வேண்டும் என்பதில்லை, ஓட்டுநர் உரிமமும் போதும் என்பது தங்கள் தந்தையாருக்குச் சாதகம். தாயாருக்கு 60 நிறைந்திருந்தாலும், சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு ஏற்கெனவே கட்டணமில்லாப் பயணம் உண்டு என்பதால், டோக்கனின் பயன் அவருக்குக் குறைவு.

நெசவாளர் மகன்

என் கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். பெரியப்பாவிடம் பள்ளிச் சான்றிதழே இல்லை. அவர் பள்ளிக்கே போகவில்லை. அவருக்கு என்ன வழி?

முன்னாள் துணை வட்டாட்சியர்

பிறப்பு அப்போதே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் அவர் பிறந்த ஊரின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல், "ஆண் குழந்தை" என்று தாய் தந்தை பெயரோடு மட்டும் பதிவாகியிருப்பது அந்தக் காலத்தில் வழக்கம், அதனால் பெயரைத் தேடி இல்லை என்று திரும்பிவிட வேண்டாம். பதிவே இல்லையென்றால், காலம் கடந்த பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை பெற வேண்டியிருக்கும். பதிவேட்டில் இல்லை என்ற சான்றோடு அந்த மனுவைத் தொடங்கலாம்.

கீழ்ப்பாக்கம் வாசகி

இந்த வாரம் நடந்ததைத் தெரிவிக்கிறேன். ஓட்டுநர் உரிமத்தையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு டோக்கன் மையத்துக்குப் போனோம். அப்பாவுக்கு அட்டையும் டோக்கன்களும் கிடைத்துவிட்டன.

ஆனால் ஆதார் வரலாற்றுப் பகுதியைப் பார்த்தபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. முதலில் 1966 என்று வருடம் மட்டும் இருந்திருக்கிறது, பின்னர் முகவரி மாற்றச் சென்ற நாளில் அது 1-1-1967 ஆகியிருக்கிறது. அப்பா அதைக் கேட்கவே இல்லை என்கிறார். ஒரு முறைதான் மாற்றலாம் என்ற அந்த வாய்ப்பு இதில் தீர்ந்துவிட்டதா?

முன்னாள் துணை வட்டாட்சியர்

தீர்ந்துவிட்டதாகக் கணினி கருத வாய்ப்பு உண்டு. இருந்தாலும் பதிவு மையத்தில் சான்றிதழோடு ஒருமுறை விண்ணப்பியுங்கள். வரம்பு மீறியது என்று நிராகரிப்பு வந்தால், அந்த நிராகரிப்பின் எண்ணை வைத்து 1947 என்ற எண்ணில் அழைத்து, விதிவிலக்காகப் பரிசீலிக்கக் கேளுங்கள். தமிழகத்துக்கான மண்டல அலுவலகம் பெங்களூருவில் இருக்கிறது, முடிவு அங்கேதான் எடுக்கப்படும். மதிப்பெண் சான்றிதழோடு ஓட்டுநர் உரிமத்தின் நகலையும், வருங்கால வைப்பு நிதிப் பதிவில் 1964 இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். எத்தனை நாளாகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

வைப்புக் கணக்குப் பிரிவு

அது முடியும் வரை பணத்தை ஐந்தாண்டு வைப்பில் பூட்டிவிட வேண்டாம். ஓராண்டுக்குள் முதிரும் வைப்பாகப் போட்டால், தேதி திருத்தப்பட்டவுடன் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நடுவில் முறித்தால் பெரும்பாலும் வட்டியில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள்.

கீழ்ப்பாக்கம் வாசகி

அப்படியே செய்கிறோம். திங்கட்கிழமை அப்பாவை ஆதார் மையத்துக்கு அழைத்துச் செல்கிறேன். வைப்பு நிதிப் பதிவில் 12-6-1964 என்றுதான் இருக்கிறது, அதன் அச்சுப் பிரதியையும் எடுத்து வைத்துவிட்டேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.